காலையில் சிரப் கொடுத்து அனுப்பலாமா? காய்ச்சல், வாந்தி பற்றிப் பெற்றோர் கேட்டவை

ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மழலையர் பள்ளி ஒன்றை, பகல்நேரக் காப்பகத்தோடு சேர்த்து நடத்துகிறேன். அதற்கு முன் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தேன். காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில் என் போன் அடித்தால் அது பெரும்பாலும் காய்ச்சல், இல்லாவிட்டால் வாந்தி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

காலையில 99.4 இருக்கு மிஸ். அனுப்பலாமா, வேண்டாமா?

வெறும் 99.4 காய்ச்சல் இல்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் போனால்தான் காய்ச்சல் என்று கணக்கு. ஆனால் அக்குளில் வைத்துப் பார்க்கும்போது உடம்பின் உள்சூட்டைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். அதனால் அக்குளில் 99.5-ஐத் தாண்டினால் நாங்கள் அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வோம். ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எண்ணோடு பிள்ளையையும் பாருங்கள். 99.4 இருக்கிறது, இரண்டு இட்லி சாப்பிட்டான், செருப்பைத் தானே மாட்டிக்கொண்டான் என்றால் அனுப்புங்கள். அதே 99.4-தான், ஆனால் தோளிலிருந்து இறங்க மறுக்கிறான், டிவி போட்டாலும் பார்க்கவில்லை என்றால் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று: முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் காய்ச்சல் சிரப் கொடுத்திருந்தால் அந்த எண்ணை நம்பவே முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த தெர்மாமீட்டர் நல்லது? நெத்தியில காட்டுற 'கன்' சரியா காட்டுமா?

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை அக்குளின் நடுக்குழியில் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, 'பீப்' வரும்வரை பொறுங்கள். பாதியில் எடுத்தால் குறைவாகக் காட்டும். குளித்தவுடனும் போர்வைக்குள்ளிருந்து எழுந்தவுடனும் பார்க்க வேண்டாம்.

நெற்றிக் கன் வெயிலில் பைக்கில் வந்த பிள்ளைக்குக் கூட்டிக் காட்டும், ஏசி காரில் வந்த பிள்ளைக்குக் குறைத்துக் காட்டும். வாசலில் நாங்கள் வைத்திருக்கிறோம்தான். சந்தேகம் வந்தால் பிள்ளையைப் பத்து நிமிடம் உட்காரவைத்து அக்குளில் பார்த்த பிறகுதான் முடிவு செய்வோம். பழைய பாதரச தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் குழந்தை உள்ள இடத்தில் அது வேண்டாம். கடித்து உடைத்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன்.

புறங்கையால் தொட்டுப் பார்ப்பதைச் சிலர் கேலி செய்வார்கள். தொட்டுப் பார்த்து "சூடு இல்லை" என்று அம்மா சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "சுடுகிறது" என்று சொல்லும்போதுதான் அடிக்கடி தவறுகிறது. அப்போது தெர்மாமீட்டரை எடுங்கள்.

சிரப் கொடுத்தா ஜுரம் விட்டுடுது. நல்லா விளையாடுறான். அப்புறம் ஏன் அனுப்பக் கூடாது?

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வயதுப் பையன், 12 கிலோ எடை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு 101.8. சிரப் கொடுத்துத் தூங்கவைத்தார்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு 100.6. ஆறரைக்கு மறுபடி சிரப். எட்டே முக்காலுக்கு எங்கள் வாசலுக்கு வந்தபோது 98.8, சிரித்துக்கொண்டு வந்தான். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு விளையாட்டை விட்டுவிட்டுப் பாயில் போய்ப் படுத்தான். பதினொன்று நாற்பதுக்கு 102.4, உடம்பு நடுங்கியது. அம்மா அலுவலகத்திலிருந்து வந்து சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. அதுவரை பிள்ளை அழுதுகொண்டே ஆயாம்மா மடியில் கிடந்தான். ஒன்பது பிள்ளைகளோடு ஒரே களிமண்ணைப் பிசைந்துவிட்டுத்தான் படுத்தான். அந்த வாரக் கடைசிக்குள் அந்த வகுப்பில் இன்னும் நாலு பேருக்குக் காய்ச்சல். எல்லாம் அவனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மணி நேரம் அவன் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை.

பாரசிட்டமால் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை ஒன்றும் செய்வதில்லை. உடம்பின் சூட்டை மட்டும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குக் குறைத்து வைக்கும். ஆறரைக்குக் கொடுத்த மருந்து பதினொன்றரைக்குத் தீர்ந்துபோனது, அவ்வளவுதான் நடந்தது.

அதனால் எங்கள் விதி இது: காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல், முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இதை எண்ணுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அந்தப் பையனுக்குக் கடைசியாகக் காய்ச்சல் பார்த்தது செவ்வாய் மாலை நாலு மணி என்று வையுங்கள். புதன் காலை உடம்பு ஜில்லென்று இருக்கும், கிளப்பிவிடத் தோன்றும். ஆனால் புதன் மாலை நாலு மணிக்குத்தான் 24 மணி நேரம் முடிகிறது. நடுவில் மீண்டும் வரவில்லை என்றால் வியாழன் காலை வரலாம். ஒரு ராத்திரி தாண்டியதை ஒரு நாள் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சல் பெரும்பாலும் மாலையில்தான் ஏறும், காலையில் இறங்கியே இருக்கும்.

எங்க ரெண்டு பேருக்கும் லீவே இல்ல. வேற வழியில்லாமத்தான் சிரப் கொடுத்து அனுப்புறோம்.

தெரியும். நானும் இரவு ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளை வளர்த்தவள்தான். ஆனாலும் கொடுத்ததை மட்டும் மறைக்காதீர்கள். ஆறரைக்கு நீங்கள் கொடுத்தது எங்களுக்குத் தெரியாமல், ஒன்பதரைக்குக் காய்ச்சல் கண்டு, உங்களைப் போனில் பிடிக்க முடியாமல், வேனில் அழைத்துப்போக வந்த தாத்தா கடையில் வாங்கி இன்னொரு அளவு கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை ஆகிவிடும். அளவுக்கு மீறிய பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

எத்தனை எம்.எல். கொடுக்கணும்? பாட்டில்ல வயசு போட்டிருக்கு.

வயதைவிட எடைதான் முக்கியம். மூன்று வயதில் 10 கிலோ பிள்ளையும் உண்டு, 17 கிலோ பிள்ளையும் உண்டு. மருத்துவர்கள் பொதுவாகப் போடும் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால். நம் 12 கிலோ பையனுக்கு 180 மி.கி.

இனிமேல்தான் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒரே வலிமையில் இல்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் அவனுக்கு 7.5 மி.லி. வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், அதில் 1.8 மி.லி.தான். சிரப்பைவிட டிராப்ஸ் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் மிகக் கெட்டியானது. "வழக்கமா ஏழரை எம்.எல். கொடுப்போம்" என்று டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஏழரை ஊற்றினால் 750 மி.கி. உள்ளே போய்விடும், கொடுக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு. ஊரில் அத்தை வீட்டுக்குப் போன இடத்தில், வேறு பாட்டில் கைக்கு வரும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது. பாட்டிலைத் திருப்பி, "5 மி.லி.யில் எவ்வளவு" என்ற வரியைப் படித்த பிறகே மூடியைத் திறங்கள்.

இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். 24 மணி நேரத்தில் நாலு முறைக்கு மேல் வேண்டாம். அளக்க, மருந்தோடு வரும் மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். சமையலறை ஸ்பூன் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. அப்புறம், சளிக்கென்று தரும் சில சிரப்புகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கொடுத்து இதையும் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கு எதையும் வீட்டில் போட வேண்டாம்.

கொடுத்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் 101 காட்டுதே? வேற மருந்து சேர்த்துக் கொடுக்கட்டுமா?

வேண்டாம். மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகும். 103 இருந்தது 101.5-க்கு வந்தாலே மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். 98.6-க்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. பிள்ளை கொஞ்சம் தெளிந்து தண்ணீர் குடித்தால் அதற்குத்தான் மருந்து கொடுத்தோம்.

மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரொஃபென் இரண்டையும் பக்கத்து வீட்டுச் சிபாரிசில் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும், வாந்தி பேதியில் நீர் வற்றிய பிள்ளைக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

ஈரத்துணி போடலாமா? ஐஸ் வைக்கலாமா?

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம், அது பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் மட்டும். ஐஸ் தண்ணீர் பட்டால் தோல் இறுகி நடுக்கம் வரும், நடுக்கம் சூட்டை இன்னும் ஏற்றும். ஸ்பிரிட் தடவவே கூடாது. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போட்டு மூட்டை கட்டவும் வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டையும் ஃபேன் காற்றும் போதும்.

ஜுரம் ஏறினா ஃபிட்ஸ் வந்துடுமோன்னு ராத்திரி முழுக்கத் தூங்கறதே இல்ல. என்ன செய்யணும்?

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு எப்போதாவது காய்ச்சல் வலிப்பு வருகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும்: கண் மேலே செருகும், கைகால் வெட்டி இழுக்கும், உதடு நீலமாகும். ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும், மூளையையும் பாதிக்காது. சிரப்பை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்தாலும் இதைத் தடுக்க முடிவதில்லை. அதனால் "நான் சரியாகக் கொடுக்கவில்லை" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வந்துவிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். கழுத்தைச் சுற்றியுள்ள துணியைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்து திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. அதைத் தேடி ஓடும் நேரத்தில் பிள்ளை மல்லாந்து கிடப்பதுதான் ஆபத்து. வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், சிரப் எதுவும் கூடாது. பல் உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம், மருந்து நுரையீரலுக்குள் போகலாம். இழுக்கும் கையைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம்.

ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். நின்ற பிறகு மூச்சு சரியாக இல்லை என்றாலும், ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலும் அப்படியே. முதல் முறை வந்தது என்றால், ஒரு நிமிடத்தில் நின்றிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு ஒருமுறை வந்த பிள்ளை என்றால் சேர்க்கும்போதே எங்களிடம் சொல்லுங்கள். அதற்காகச் சேர்க்க மறுக்க மாட்டோம்.

காய்ச்சலுக்கு எப்போ டாக்டர்கிட்ட ஓடணும், எப்போ காத்திருக்கலாம்?

வீட்டில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட தம்பிப் பாப்பா இருந்து, அதற்கு 100.4 வந்தால் காத்திருக்கவே வேண்டாம், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பெரிய பிள்ளைக்கு மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலைக் காட்டியே ஆக வேண்டும். நாள் கணக்கே பார்க்காமல் ஓட வேண்டியவை: மூச்சு வாங்கி விலா எலும்புக்கு நடுவே உள்ளிழுப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, கழுத்தை வளைக்க முடியாதது, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இன்னொரு சங்கதி. டெங்குவில் ஆபத்துக் காலம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும்போது வருகிறது. "ஜுரம் விட்டுடுச்சு, ஆனா சோர்வா படுத்தே இருக்கா, வயிறு வலிக்குதுங்கிறா, கைகால் ஜில்லுன்னு இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால் நான் பள்ளியைப் பற்றியே பேச மாட்டேன், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்வேன். விடாத வாந்தியும் ஈறு, மூக்கில் ரத்தமும் அதே பட்டியலில்தான்.

ஒரே ஒரு தடவைதான் வாந்தி எடுத்தா. அதுக்குக்கூட லீவா?

எப்படி வந்தது என்று பாருங்கள். இருமி இருமிச் சளியோடு வந்தது, வேனில் தலை சுற்றி வந்தது, அவசரமாக ஊட்டிய பால் அப்படியே திரும்பியது - இவற்றுக்கு லீவு தேவையில்லை. அரை மணி நேரத்தில் பசிக்கிறது என்று கேட்டால் அனுப்புங்கள். காரணம் தெரியாமல் 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை வந்தாலோ, ஒரே முறைதான் என்றாலும் கூடவே காய்ச்சலோ பேதியோ இருந்தாலோ வீட்டில் வையுங்கள்.

திரும்பி வர, கடைசி வாந்தி அல்லது கடைசிப் பேதியிலிருந்து 48 மணி நேரம். திங்கள் இரவு பதினொன்றுக்குக் கடைசி வாந்தி என்றால் புதன் இரவு பதினொன்றுக்கு முடிகிறது, வியாழன் காலை வரலாம். காய்ச்சலுக்கு ஒரு நாள், இதற்கு மட்டும் ஏன் இரண்டு நாள் என்று கேட்பார்கள். ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்கள் பிள்ளை தெளிந்த பிறகும் மலத்தில் வந்துகொண்டே இருக்கும். டயப்பர் மாற்றும் வயதில் அது எல்லார் கைக்கும் போகும். பிரிட்டனில் பள்ளிகளுக்குச் சொல்லும் அளவும் 48 மணிதான். 24 மணி போதும் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. நாங்கள் ஒருமுறை 24 வைத்துப் பார்த்து, பாதி வகுப்பும் இரண்டு ஆயாம்மாக்களும் படுத்த பிறகு 48-க்கு மாறினோம்.

தண்ணி கொடுத்தாக்கூட உடனே வாந்தி எடுக்கிறா. எதுவுமே நிக்க மாட்டேங்குது.

பெரும்பாலும் சிக்கல், கொடுக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. வாந்தி எடுத்த பிள்ளைக்குத் தாகம் இருக்கும், தம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடிக்கும், வயிறு உப்பி அப்படியே திரும்பும். "ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். வாந்தி நின்றதும் பத்து நிமிடம் எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை 5 மி.லி., ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் விட்டால் இன்னும் சுலபம். கொஞ்சமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 30 டீஸ்பூன், 150 மி.லி., ஒரு சின்னத் தம்ளர். ஒரே மூச்சில் கொடுத்தால் நிற்காத தம்ளர், ஒரு மணி நேரமாகக் கொடுத்தால் நிற்கும். நடுவில் வாந்தி வந்தால் மறுபடி பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக, மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒரு மணி நேரம் நின்றால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு உட்கார ஒருவர் வேண்டும், அதுதான் இதில் கஷ்டம். அம்மாவும் அப்பாவும் அரை மணிக்கு அரை மணி மாற்றிக்கொள்ளுங்கள்.

பேதியும் சேர்ந்தால், ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கூடுதலாகப் போக வேண்டும். பேதிக்குத் துத்தநாக மருந்தும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்தே தருவார்கள். பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுவதுதான் வழக்கம், 14 நாளும் கொடுங்கள்.

கடையில ரெடிமேடா அட்டை டப்பாவில ஓ.ஆர்.எஸ். விக்குதே, அது போதாதா?

பழச்சுவை பானங்கள் பலவற்றின் மேல் அந்த மூன்று எழுத்து இருந்தது. சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் தூள் பாக்கெட்டாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அதன்மேல் எழுதியிருக்கும்.

பாக்கெட்டிலும் ஒரு பொறி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட் ஒன்று, 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட் ஒன்று. பெரியதை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும், அது பிள்ளைக்கு ஆபத்து. பெரிய பாக்கெட்டில் கண்ணளவில் கொஞ்சம் எடுத்துக் கலக்குவதும் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலந்த பிறகு சர்க்கரை சேர்க்கவோ சுடவைக்கவோ வேண்டாம். பாக்கெட்டே கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்பாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

மாமியார் குடல் ஏறியிருக்குங்கிறாங்க. தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போகணுமாம்.

பெரியவர்கள் பயத்தில்தான் சொல்கிறார்கள், சண்டை போட வேண்டாம். ஆனால் கூட்டிப்போகவும் வேண்டாம். தொண்டைக்குள் விரல் விடுவதும் வயிற்றைப் பிசைவதும், ஏற்கெனவே வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் காயத்தையும் தொற்றையும் கொண்டுவரும். உரம் எடுக்கிறோம் என்று கைக்குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுவதும் அப்படித்தான். இதில் மிகப் பெரிய இழப்பு நேரம். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நோய் ஒன்று நிஜமாகவே உண்டு. குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கும், வாந்தி எடுக்கும், பின்னால் சிவப்பு ஜெல்லி போல மலம் போகும். அதற்கு மருத்துவமனையில் மட்டுமே வழி உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடலாம், நீங்களும் கூட வாங்க." பெரும்பாலும் வருவார்கள்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? பாலை நிறுத்தணுமா?

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வாந்தி சற்று அடங்கி நாலு மணி நேரத்துக்குள் சாப்பாட்டைத் தொடங்கலாம். குழைந்த சாதத்தில் ரசம், இட்லி, மோர் சாதம், வாழைப்பழம், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி எல்லாம் சரி. பட்டினி போட்டால் வயிறு சீக்கிரம் ஆறாது. இளநீர் கொடுக்கலாம், ஆனால் அதில் உப்பு போதாது, ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகாது. குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் வேண்டாம்.

எந்த வாந்திக்கு ஆஸ்பத்திரி?

பச்சை நிற வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி, வயிறு உப்பி இறுகியிருப்பது. இவற்றுக்கு வீட்டில் ஒரு ஸ்பூன் கூட முயல வேண்டாம், நேராகப் போங்கள். மேலே சொன்னபடி மெதுவாகக் கொடுத்தும் இரண்டு மூன்று மணி நேரம் எதுவும் நிற்கவில்லை என்றாலும், அழும்போது கண்ணீர் வரவில்லை, நாக்கு உலர்ந்திருக்கிறது, கண் குழிவிழுந்திருக்கிறது, டயப்பர் ஆறு முதல் எட்டு மணி நேரமாகக் காய்ந்திருக்கிறது என்றாலும் போக வேண்டும். வாந்தி நிறுத்தும் மருந்தையும் பேதியை நிறுத்தும் மாத்திரையையும் மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். பெரியவர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரை சின்னப் பிள்ளையின் குடலையே அசையாமல் நிறுத்திவிடும்.

காய்ச்சல் சிரப்பையே வாந்தி எடுத்துட்டான். மறுபடி கொடுக்கணுமா?

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் அடுத்த வேளை வரை பொறுங்கள்.

ஸ்கூல்ல வாந்தி எடுத்தா நீங்க என்ன செய்வீங்க?

மற்ற பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றுவோம். கையுறை போட்டு, பேப்பரால் மூடி, சுருட்டி எடுத்து, கட்டிய பையில் போடுவோம். துடைப்பத்தால் பெருக்கினால் தெறித்துப் பரவும். பிறகு ஐந்து சதவீத ப்ளீச்சிங் திரவத்தில் 20 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைப்போம். வீட்டிலும் இதைச் செய்யலாம், ஜன்னலைத் திறந்து வைத்து. டாய்லெட் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். நோரோ வைரஸுக்கு முன் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

அப்புறம் உங்களை அழைப்போம். ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடிய ஒருவரின் எண் எங்களிடம் இருக்க வேண்டும்.

சளி மட்டும்தான் இருக்கு. மெட்ராஸ் ஐ, அம்மை, கைகால்ல கொப்புளம்னா எத்தனை நாள்?

காய்ச்சல் இல்லாத சளிக்கு லீவு வேண்டாம், மூக்குச் சளி பச்சையாக இருந்தாலும் சரி. மெட்ராஸ் ஐ என்றால் சிவப்பும் பீளையும் அடங்கும்வரை. சின்னம்மைக்குக் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, வழக்கமாக ஒரு வாரம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைப் பார்க்காதீர்கள், பொருக்கைப் பாருங்கள். கை, கால், வாய்க் கொப்புளத்துக்குக் காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்து, வாயில் எச்சில் ஒழுகாமல் சாப்பிட ஆரம்பித்த பிறகு.

திரும்பி வரும்போது டாக்டர் சர்டிஃபிகேட் வேணுமா?

சாதாரணக் காய்ச்சலுக்கும் வாந்திக்கும் வேண்டாம். அதற்காகக் கிளினிக்கில் போய் வரிசையில் உட்கார்ந்து வேறு நோயை வாங்கி வராதீர்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும்: கடைசியாகக் காய்ச்சல் அல்லது வாந்தி எப்போது, கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை மணிக்கு, எவ்வளவு. கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்வோம்.